5-ஆம் எண் யாருடையது? மழையும் குரலும் பெயர் மாறிய ஓர் ஆய்வேடு

இரவு 11:50. மாணவி ஒருத்தி மறுநாள் காலை 10 மணிக்குள் தன் ஆய்வேட்டைப் பதிவேற்ற வேண்டும். 5-ஆம் அத்தியாயத்தில் ஒரே ஒரு படம் பாக்கி. ஒலிகளை வகைப்படுத்தும் அவள் மாடல் மனிதக் குரலைக் காற்று என்று தவறாகச் சொன்ன கிளிப்புகளில் ஒன்றை எடுத்து, அதன் ஸ்பெக்ட்ரோகிராமைப் போட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் எழுதினால் வேலை முடிந்தது. எந்தக் கிளிப்பை எடுக்கலாம் என்று பார்க்க ஹெட்போனை மாட்டி முதல் கோப்பை ஓட்டினாள்.

மழைச் சத்தம் கேட்டது. குரலே இல்லை.

யாரோ பேசியது மழையில் அமுங்கிவிட்டதோ என்று ஒலியைக் கூட்டிக் கேட்டாள். ஐந்து விநாடியும் மழைதான். இரண்டாவது கோப்பும் மழை. மூன்றாவதும் மழை. 12:05-க்கு எனக்கு போன் வந்தது. அதே ஆய்வகத்தில் நான் அவளுக்கு இரண்டு வருடம் மூத்தவள். அவளுடைய டேட்டாவில் ஒரு பகுதியைப் பதிவு செய்யும்போது கூடவே இருந்திருக்கிறேன். அந்த இரவில் நடந்ததை அவள் சம்மதத்துடன் இங்கே முழுதாக எழுதுகிறேன். இந்த வகைத் தவறு பரிசோதனைகளில் தப்பிப் போகும். அது எப்படித் தப்புகிறது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் புரியும்.

வேலை என்ன

சுற்றுப்புற ஒலிகளை வகைப்படுத்தும் வேலை. ஐந்து விநாடி கிளிப் ஒன்றைக் கொடுத்தால், அது எந்த ஒலி என்று மாடல் சொல்ல வேண்டும். மொத்தம் எட்டு வகுப்புகள்: இசை, காற்று, நாய், பறவை, மணி, மழை, மனிதக்குரல், வாகனம். டெஸ்ட் செட்டில் 640 கிளிப்புகள், ஒவ்வொரு வகுப்புக்கும் சரியாக 80. ஒலியை மெல் ஸ்பெக்ட்ரோகிராமாக மாற்றி ஒரு சிஎன்என் மாடலுக்குக் கொடுத்தாள். ஒப்பிடுவதற்காக, எம்எஃப்சிசி அம்சங்களை வைத்து ஒரு எஸ்விஎம் மாடலையும் முன்பே ஓட்டியிருந்தாள்.

சிஎன்என் 640-இல் 567 கிளிப்புகளைச் சரியாகச் சொன்னது, அதாவது 88.6%. இந்த எண்ணில் எந்தத் தவறும் இல்லை. அன்றிரவு முழுக்க இது மாறவே இல்லை.

மாறியது வகுப்புவாரி முடிவுகள். ஒரு வகுப்பின் கிளிப்புகளில் எவ்வளவு பங்கை மாடல் சரியாகச் சொன்னது என்பதுதான் ரீகால். அவள் ஆய்வேட்டில் மனிதக்குரலின் ரீகால் 0.75, மழையின் ரீகால் 0.89 என்று இருந்தது. மனிதக்குரல்தான் எட்டில் மிகக் கடினமான வகுப்பு, 80-இல் 14 கிளிப்புகள் காற்றாகப் போய்விடுகின்றன என்று எழுதியிருந்தாள். அதற்கு மூன்று பக்க விளக்கமும் இருந்தது. கிசுகிசுப்பான பேச்சில் குரல்நாண் அதிர்வதில்லை, மூச்சுக்காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும், அதனால் மாடல் அதைக் காற்றோடு குழப்புகிறது என்று வாதிட்டிருந்தாள். மழை வரிசையில் ஆறு கிளிப்புகள் இசையாகப் போயிருந்தன. துளிகள் சீரான இடைவெளியில் விழும்போது தாளம்போல ஒலிக்கும் என்று அதற்கும் ஒரு பத்தி.

கிசுகிசுப்பு பற்றிய ஒலியியல் உண்மைதான். அதனால்தான் வழிகாட்டியும் அதைப் படித்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் அந்த டேட்டாவில் கிசுகிசுப்பான பேச்சு கிடையாது. பதிவுகளில் நானும் இருந்தேன், எல்லாமே சாதாரணக் குரலில் பேசியவை, கொஞ்சம் பாட்டு. பேச்சோடு மூச்சு கலந்த பதிவு ஒன்றிரண்டு இருந்திருக்கலாம், 14 இருக்க வழியே இல்லை. அந்த மூன்று பக்கத்தை நானும் ஒரு மாதம் முன்பு படித்தேன். எனக்கும் அப்போது தோன்றவில்லை.

தப்பானதைக் கேட்பதை விட்டுவிட்டு

அவள் போனில் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, டேட்டாவே தப்பா லேபிள் ஆயிருக்கு." குரல் நடுங்கியது. மழைக் கிளிப்புகளை யாரோ மனிதக்குரல் கோப்புறையில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். அது உண்மையானால் மாடலையே திரும்பப் பழக்க வேண்டும், காலைக்குள் முடியாது.

கிளிப்புகளை எப்படி எடுத்தாள் என்று கேட்டேன். திரையிலிருந்து வாசித்தாள்:

```python
m = (y_true == 6) & (y_pred == 1)
print(files[m])
```

அவள் அட்டவணையில் மனிதக்குரல் 6-ஆவது எண், காற்று 1. 14 கோப்புகள் வந்திருந்தன. கோப்புப் பெயர்கள் எல்லாம் `clip_0412.wav` என்பதுபோல வெறும் எண்கள், அவற்றைப் பார்த்து வகுப்பைச் சொல்ல முடியாது.

"எத்தனை கேட்ட?"

"மூணு."

"மிச்சத்தையும் கேளு. லைன்லயே இருக்கேன்."

14 கிளிப்புகள், தலா ஐந்து விநாடி. 70 விநாடி வேலை. எல்லாமே மழை. பலவற்றில் மைக்கில் காற்று மோதும் 'புர்' என்ற சத்தமும் கூடவே இருந்தது.

இந்த இடத்தில் மூன்று காரணங்கள் சாத்தியம். ஒன்று, அவள் பயந்ததுபோல மூல லேபிளே தவறு. இரண்டு, கோப்புப் பட்டியலின் வரிசையும் லேபிள்களின் வரிசையும் விலகியிருக்கலாம், அதாவது டேட்டா லோடரில் `shuffle=True` என்று விட்டுவிட்டால் நடப்பது. மூன்று, வரிசைகள் எல்லாம் சரி, எண்ணுக்கு வைத்த பெயர்தான் தவறு.

இரண்டாவது காரணத்தை அந்த 14 கிளிப்புகளே நீக்கிவிட்டன. பட்டியல் கலைந்திருந்தால் இந்த 14-இல் நாய், மணி, வாகனம் எல்லாம் கலந்து வந்திருக்கும். எட்டு வகுப்புகள் சம அளவில் இருக்கும்போது மழை ஒன்றிரண்டு வரலாம், 14-ம் மழையாக வராது. லேபிளும் கணிப்பும் ஒன்றுக்கொன்று கலைந்திருந்தால் துல்லியமே எட்டில் ஒன்றாக, 12.5% பக்கம் விழுந்திருக்கும். 88.6% வந்திருப்பதால் அதுவும் இல்லை. வரிசை கலைந்தால் எண் சரிந்துவிடும், உடனே தெரிந்துவிடும். பெயர் மாறினால் எண் சரியாது.

முதல் காரணத்தையும் மூன்றாவதையும் பிரிக்க, தப்பான கிளிப்புகளைக் கேட்டுப் பயனில்லை. "மாடல் சரியா சொன்னதைக் கேட்டியா?" என்றேன். கேட்கவில்லை. பிழைகளைத் தேடும்போது எல்லோரும் பிழைகளை மட்டும்தான் திறந்து பார்ப்போம். லேபிளும் 6, கணிப்பும் 6 என்றிருந்த 60 கிளிப்புகளில் ஐந்தை எழுமாறாக எடுத்து ஓட்டச் சொன்னேன். சில லேபிள்கள் மட்டும் பிழை என்றால் இந்த ஐந்தும் மனிதக் குரலாக இருக்க வேண்டும்.

ஐந்தும் மழை.

அவளே சொன்னாள், "அப்போ ஆறுன்னா மழைதான்."

குறியாக்கியைத் திறந்தபோது

லேபிள்களை எண்ணாக மாற்றிய `LabelEncoder`-ஐ அவள் பயிற்சி நேரத்திலேயே சேமித்து வைத்திருந்தாள். நல்ல பழக்கம், அன்றிரவு அதுதான் காப்பாற்றியது. ஆனால் சேமித்ததற்குப் பிறகு அதை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

```python
le = joblib.load("le.joblib")
for i, n in enumerate(le.classes_):
    print(i, n)
```

```
0 இசை
1 காற்று
2 நாய்
3 பறவை
4 மணி
5 மனிதக்குரல்
6 மழை
7 வாகனம்
```

அவள் ஆய்வேட்டு அட்டவணையில் 5 மழை, 6 மனிதக்குரல். மற்ற ஆறும் இரண்டு பட்டியலிலும் ஒன்றுதான்.

அவள் அலட்சியத்தால் இது நடக்கவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். `LabelEncoder` பெயர்களை வரிசைப்படுத்தி 0, 1, 2 என்று எண் கொடுக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் தன் அட்டவணையிலும் வகுப்புகளை அகரவரிசையில் எழுதினாள். தமிழ் அகராதியில் எப்படி வருமோ அப்படி: மணி, மழை, மனிதக்குரல். ஒரு தமிழாசிரியர் பார்த்தாலும் சரி என்றுதான் சொல்வார். நம் மெய்யெழுத்து வரிசை ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிகிறது. 18 மெய்களில் 'ன' கடைசி. ஆகவே மழை முன்னே, மனிதக்குரல் பின்னே.

பைத்தான் அப்படி வரிசைப்படுத்துவதில்லை. அது ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடில் உள்ள எண்ணைப் பார்த்து அடுக்குகிறது.

```python
>>> hex(ord("ன")), hex(ord("ழ"))
('0xba9', '0xbb4')
```

'ன' சிறிய எண், 'ழ' பெரிய எண். இரண்டு சொற்களிலும் முதல் எழுத்து 'ம', இரண்டாவது எழுத்திலேயே முடிவாகிவிடுகிறது. யூனிகோடில் 'ன' ஏன் முன்னால் இருக்கிறது என்றால், இந்திய எழுத்துமுறைகளுக்கான பகுதிகள் 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தின் அடிப்படையில் அமைந்தவை. எல்லா இந்திய எழுத்துமுறைகளையும் ஒரே சட்டகத்தில் இணையாக அடுக்கியது இஸ்கி. அந்தச் சட்டகத்தில் 'ன' போய் 'ந'-வின் பக்கத்தில் உட்கார்ந்தது, 'ற' போய் 'ர'-வின் பக்கத்தில். நம் அகராதி வரிசைக்கும் கணினியின் எழுத்தெண் வரிசைக்கும் இடையில் அன்று விழுந்த இடைவெளி இன்னும் அப்படியே இருக்கிறது. பல்லி, பறவை, பன்றி என்ற மூன்று சொற்களை `sorted` செய்து பாருங்கள். அகராதி வரிசை அப்படியே தலைகீழாக வரும்.

எட்டில் ஆறு பெயர்கள் ஒத்துப்போனதுதான் இதில் கொடுமை. எட்டும் இடம் மாறியிருந்தால் நாய்க் குரைப்பு மணியோடு குழம்புகிறது என்பதுபோல ஏதாவது கண்ணை உறுத்தியிருக்கும். இங்கே பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் இடம் மாறியிருந்தன.

பெயரைக் கையால் எழுத நேர்ந்தது ஏன்

எந்த மாணவியும் வேண்டுமென்று பெயர்களைக் கையால் தட்டச்சு செய்வதில்லை. எந்த வகுப்பு எதுவாகப் போனது என்று காட்டும் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸை அவள் முதலில் தமிழ்ப் பெயர்களோடுதான் வரைந்தாள். வரைபட நூலகம் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாமல் உடைத்துப் போட்டது. 'இசை', 'பறவை', 'மழை' மூன்றிலும் ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. நேரம் போனதால் அச்சுகளில் 0 முதல் 7 வரை எண்களை மட்டும் போட்டு, படத்துக்குக் கீழே ஆவணத்திலேயே ஒரு சிறிய அட்டவணை போட்டுப் பெயர்களை எழுதினாள். `classification_report` தந்த வரிகளும் வெறும் எண்களாகத்தான் வந்தன, அவற்றுக்கும் அதே அட்டவணையைப் பார்த்துப் பெயர் வைத்தாள். மாடலுக்கும் பெயர்களுக்கும் இருந்த தொடர்பு அந்த இடத்தில் அறுந்தது. அதற்குப் பிறகு எந்த நிரலும் அதைச் சரிபார்க்க வழியில்லை.

நிரலிலேயே பெயர்ப் பட்டியலைக் கொடுத்திருந்தால் தப்பித்திருப்பாளா? பட்டியலைக் கையால் எழுதியிருந்தால் அதுவும் தப்பித்திருக்காது. `target_names`-க்கு எட்டுப் பெயர்கள் போனால் போதும், எந்த வரிசையில் போனாலும் அது வாங்கிக்கொள்ளும். எண்ணிக்கை பொருந்தாதபோதுதான் குறை சொல்லும். பெயர் எதுவாக இருந்தாலும் மேட்ரிக்ஸின் மூலைவிட்டம் பளிச்சென்றுதான் இருக்கும், ஏனென்றால் வரிசைக்கும் நெடுவரிசைக்கும் ஒரே தவறான பெயர்தான் போகிறது. மேக்ரோ சராசரிகளும் அசையாது, எட்டு எண்களின் சராசரிக்கு அவற்றின் பெயர் தேவையில்லை.

காட்டிக்கொடுத்திருக்கக்கூடியது ஒன்று இருந்தது. அறிக்கையின் கடைசி நெடுவரிசை, `support`, ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை கிளிப்புகள் என்று சொல்லும். மழை 110, குரல் 50 என்று இருந்திருந்தால் பெயர் மாறியது அங்கேயே தெரிந்திருக்கும். அவள் டெஸ்ட் செட்டை ஒழுங்காகச் சமப்படுத்தியிருந்தாள். எட்டு வரியிலும் 80.

ஆய்வேட்டிலேயே இருந்த தடயம்

பெயர் மாறியது உறுதியானதும் அவள் 5.3 அட்டவணையைத் திறந்து வாசித்தாள். எஸ்விஎம் மாடலையும் சிஎன்என் மாடலையும் வகுப்புவாரியாக ஒப்பிடும் அட்டவணை அது. அதில் மழை 0.61-இலிருந்து 0.89-க்கு எகிறியிருந்தது. மனிதக்குரல் 0.84-இலிருந்து 0.75-க்கு இறங்கியிருந்தது. மற்ற ஆறு வகுப்புகளும் மிதமாக ஏறியிருந்தன. புது மாடலில் மோசமானது ஒரே ஒரு வகுப்பு, அதன் பக்கத்து வகுப்பு மட்டும் நம்ப முடியாத அளவுக்கு முன்னேறியது. இந்த இறக்கத்துக்கும் அவள் ஒரு பத்தி விளக்கம் எழுதியிருந்தாள்.

எஸ்விஎம் வரிகளில் பெயர் சரியாக இருந்ததுதான் இதற்குக் காரணம். அந்த மாடல் சொற்களையே லேபிளாக ஏற்றுக்கொள்ளும், எண்ணாக்கத் தேவையில்லை. ஆகவே அறிக்கையே பெயர்களை அச்சிட்டது, அவள் பெயரைப் பார்த்துப் பார்த்து எண்ணை நகலெடுத்தாள். சிஎன்என்-க்கு எண் வேண்டும், அங்கேதான் குறியாக்கி நுழைந்தது. ஒரே அட்டவணையில் ஒரு நெடுவரிசை சரியான பெயரோடும் அடுத்தது மாறிய பெயரோடும் நின்றன.

பழைய எஸ்விஎம் அறிக்கையைத் திறந்து பார்த்தோம். மணி, மனிதக்குரல், மழை என்ற வரிசையில் அச்சாகியிருந்தது. பல வாரங்களாக அது அப்படியே அவள் மடிக்கணினியில் இருந்திருக்கிறது. பெயரைத் தேடி எண்ணை எடுக்கும்போது வரிசை கண்ணில் படுவதில்லை.

சரிசெய்தபின் மழை 0.61-இலிருந்து 0.75, மனிதக்குரல் 0.84-இலிருந்து 0.89. இப்போது எட்டு வகுப்புகளும் ஏறுகின்றன. நேர்மையாகப் பார்த்தால் அவள் முடிவு முன்பைவிட நன்றாகிவிட்டது. ஆனால் அதைச் சொல்லி அவளைத் தேற்ற அப்போது நேரமில்லை, மணி 12:40.

எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது

பதற்றத்தில் அவள் மாடலை மறுபடி ஓட்டலாமா என்று கேட்டாள். கூடாது. மாடல், எடைகள், கணிப்புக் கோப்பு எல்லாம் சரி. இப்போது ஏதாவது திரும்ப ஓட்டினால் எண்கள் தசமத்தில் கொஞ்சம் நகரும், பிறகு ஆய்வேடு முழுக்க எண்களைத் துரத்த வேண்டியிருக்கும். சேமித்த `y_true`, `y_pred` இரண்டிலிருந்தும் அறிக்கையை மட்டும் மறுபடி எடுத்தோம், இந்த முறை பெயர்களைக் குறியாக்கியிடமிருந்தே வாங்கி:

```python
print(classification_report(
    y_true, y_pred,
    labels=range(len(le.classes_)),
    target_names=le.classes_))
```

அப்புறம் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு கிளிப்பை எடுத்து, அறிக்கை சொல்லும் பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டே காதால் கேட்பது. எட்டுக் கிளிப்புகள், 40 விநாடி. இரண்டு பெயர்தான் மாறியிருக்கின்றன என்று இரண்டு பட்டியலை ஒப்பிட்டுக் கண்டுபிடித்தோம், அதை ஒலியோடு ஒப்பிடவில்லை. எட்டும் பொருந்தின. பிறகு பழைய "மழை, இசையாகப் போனது" கட்டத்தின் ஆறு கிளிப்புகளையும் கேட்டாள். ஆறிலும் மனிதக் குரல்தான், பெரும்பாலும் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தபடி பாட்டை முணுமுணுக்கும் குரல்.

அட்டவணைகளையும் மேட்ரிக்ஸின் பெயர்ப் பட்டியலையும் திருத்தப் பதினைந்து நிமிடம் ஆனது. பெயரை மாற்றும்போது ரீகால் மட்டுமல்ல, அந்த வரிகளின் பிரிசிஷனும் எஃப்1-உம் சேர்ந்து போக வேண்டும். 5.2 அட்டவணையில் எண்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றாமல், எண் வரிகளை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பெயர்களை மட்டும் மாற்று என்றேன். நடு இரவில் ஆறு எண்களை நகர்த்துவதைவிட இரண்டு சொற்களை நகர்த்துவது பத்திரம். 5.3-இல் மட்டும், எஸ்விஎம் எண்கள் ஏற்கெனவே சரியான பெயரோடு நின்றதால், சிஎன்என் எண்கள் இரண்டை இடம் மாற்றினாள்.

மூன்று பக்கங்கள்தான் பெரிய வேலை. கிசுகிசுப்பு முழுவதும் போனது, துளித்தாளமும் போனது. அவற்றின் இடத்தில் எழுத வேண்டியது உண்மையில் எளிதாகவே இருந்தது, ஏனென்றால் இப்போது காதால் கேட்டதும் எண் சொல்வதும் ஒன்றாக இருந்தன. மழையும் காற்றும் இரண்டுமே சுருதியில்லாத அகலப்பட்டை இரைச்சல். ஸ்பெக்ட்ரோகிராமில் தனித்த கோடுகள் எதுவும் இருக்காது. கன மழை உயர் அதிர்வெண் வரை சீராகப் பரவி நிற்கும். காற்று மைக்கில் மோதும்போது ஆற்றல் கீழ்ப்பகுதியில் திரளும். தூறலும் காற்றடிப்பும் சேர்ந்து வரும் கிளிப்பில் கீழ்ப்பகுதித் திரள்தான் ஓங்கித் தெரியும், மாடல் காற்று என்கிறது. அந்த 14 கிளிப்புகளையும் திரும்பக் கேட்டுக் குறித்தாள், ஒன்பதில் காற்றடிப்பு தெளிவாகக் கேட்டது. மற்ற ஐந்தில் அவளுக்குக் காரணம் தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதினாள். நீட்டிப் பாடும் குரலுக்கும் இசைக்கும் உள்ள உறவு இன்னும் நேரானது. இரண்டிலும் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள் இணைகோடுகளாக அடுக்கி நிற்கின்றன.

முடிவுரையில், மனிதக் குரல் பதிவுகளை அதிகம் சேர்க்க வேண்டும் என்று இருந்த பரிந்துரையை மாற்றி, மைக்குக்குக் காற்றுத்தடுப்பு போட்டு மழையைப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதினாள். தவறு அப்படியே போயிருந்தால், அடுத்து வருகிறவர் அந்தப் பரிந்துரையை நம்பி மாதக்கணக்கில் ஏற்கெனவே நன்றாக இருந்த வகுப்புக்கு டேட்டா சேர்த்திருப்பார். இதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

வழிகாட்டிக்குப் போன மின்னஞ்சல்

3:40-க்கு முடித்தாள். பேசாமல் பதிவேற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் அவளுக்கு ஒரு நிமிடம் வந்ததாகப் பிறகு சொன்னாள். வழிகாட்டி ஒப்புதல் கொடுத்தது பழைய மூன்று பக்கங்களுக்கு. அவர் படிக்காத ஒன்றை அவர் ஒப்புதலோடு அனுப்புவது சரியில்லை என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகம் இல்லை. சுருக்கமாக எழுதினாள்:

"ஐயா, சிஎன்என் முடிவுகளில் மழை, மனிதக்குரல் என்ற இரண்டு வகுப்புகளின் பெயர்கள் இடம் மாறியிருந்ததை நேற்றிரவு கண்டுபிடித்தேன். மொத்தத் துல்லியம், சராசரிகள், மாடல் எதுவும் மாறவில்லை. 5.2, 5.3 அட்டவணைகளையும் 5.4 பிரிவையும் முடிவுரையில் ஒரு பத்தியையும் திருத்தியிருக்கிறேன். பழைய பக்கங்களையும் புதிய பக்கங்களையும் இணைத்துள்ளேன். காலையில் பார்த்துச் சொன்னால் பதிவேற்றுகிறேன்."

எதற்காகத் தவறியது என்ற நீண்ட விளக்கத்தை அவள் முதலில் எழுதி, பிறகு நீக்கிவிட்டாள். யூனிகோடு கதையைக் காலையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு உடனே தெரிய வேண்டியது எது மாறியது, எது மாறவில்லை என்பதுதான்.

6:30-க்குப் பதில் வந்தது. புதிய பிரிவு சரி என்று சொல்லி, கடைசியில் ஒரு வரி: "ஆய்வுச் சுருக்கத்தைப் பாரம்மா, அதில் இன்னும் மனிதக் குரல் 75% என்றே இருக்கிறது."

சுருக்கத்தை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். அத்தியாயங்களைத் தேடினோம், முன்பக்கங்களைத் தேடவில்லை. அவள் உடனே ஆவணம் முழுவதிலும் "மனிதக்குரல்" என்றும் "மனிதக் குரல்" என்றும் இரண்டு விதமாகத் தேடினாள், இடைவெளி விட்டு எழுதிய இடங்களை முதல் தேடல் காட்டாது. சுருக்கத்தில் ஒன்று, அட்டவணைகளின் பட்டியலில் இருந்த தலைப்பில் இன்னொன்று.

8:50-க்கு அந்தப் படம் மட்டும் பாக்கி இருந்தது. முந்தைய இரவு முதலில் ஓட்டிய அதே `clip_0412.wav`-ஐ எடுத்தாள். இரண்டாவது விநாடியில் கீழ்ப்பகுதி முழுவதும் வெளுத்துத் தெரிந்தது, காற்று மைக்கில் மோதிய இடம். ஸ்பெக்ட்ரோகிராமைச் செருகி, கீழே எழுதினாள்: "உண்மை வகுப்பு: மழை. கணிப்பு: காற்று." 9:20-க்குப் பதிவேற்றினாள்.